ஹாட் ஸ்பாட்டும் கண்ணில் படாத தெள்ளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு நாய் கிளினிக்கில் ஒன்பது வருடமாக உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் முடியை வழிக்கும்போது நாயைப் பிடித்துக்கொள்வதும், அப்புறம் வாசலில் நின்று வீட்டுக்காரர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலை. மழைக்காலம் வந்தால் ஈரமாய்ச் சிவந்து நீர் வடியும் இந்தப் புண்ணோடு வாரத்துக்கு நாலைந்து பேராவது வருவார்கள், எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதில்களை டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்திருக்கிறேன்.

நேத்து ராத்திரி வரைக்கும் ஒண்ணுமே இல்ல. காலையில பார்த்தா இடுப்புல முடி போயி உள்ளங்கை அளவுக்குப் பச்சைப் புண்ணு. ஏதாவது கடிச்சிருக்குமா?

பாம்பு, பூரான், தெருநாய் என்று எல்லோரும் முதலில் வெளியே தேடுவார்கள். பெரும்பாலும் அந்தப் புண்ணைப் போட்டது உங்கள் நாயேதான். எங்கோ ஓர் இடத்தில் தாங்க முடியாத அரிப்பு எடுத்திருக்கிறது, இரவு முழுக்க அதை நக்கி, முன்பற்களால் நறுநறுவென்று கடித்திருக்கிறது, மேல்தோல் கிழிந்துவிட்டது. இதைத்தான் ஹாட் ஸ்பாட் என்கிறோம். தொட்டால் சுடும், ஈரமாக இருக்கும், ஓரம் வட்டமாகத் தெளிவாகத் தெரியும், சுற்றியிருக்கும் முடி பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும், கொஞ்சம் நாற்றமும் வரும்.

நாய்ச் சண்டையில் பட்ட கடி என்றால் பல் இறங்கிய ஓட்டை இருக்கும், ஆழம் இருக்கும். ஹாட் ஸ்பாட் முழங்கை சிராய்த்த மாதிரி மேலோட்டமாக, பரந்து இருக்கும். வலி மட்டும் பார்ப்பதற்குத் தெரிவதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் எவ்வளவு சாதுவான நாயானாலும் அந்த இடத்தைத் தொட்டால் கடிக்கப் பார்க்கும், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

சாயங்காலத்துக்குள்ள ரெண்டு மடங்காயிடுச்சு. எப்படி இவ்வளவு வேகமா பரவுது?

அரிப்பு, நக்கல், புண், மறுபடியும் அரிப்பு என்று ஒரு சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. தோல் கிழிந்ததும் நீர் கசிகிறது, எச்சிலும் சேர்கிறது, மேலே அடர்ந்த முடி மூடிக்கொண்டு காற்றுப் படாமல் செய்கிறது. நாயின் தோலில் சாதாரணமாகவே வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைப் பாக்டீரியாவுக்கு அந்தச் சூடும் ஈரமும் போதும், சில மணி நேரத்தில் பெருகிவிடும். அது பெருகப் பெருக அரிப்பும் ஏறும், நாய் இன்னும் வெறியாகக் கடிக்கும்.

இன்னொன்று, காலையில் நீங்கள் பார்த்தது முழுப் புண் இல்லை. முடிக்கு அடியில் அது ஏற்கெனவே பரவியிருந்திருக்கும். நாங்கள் வழித்துப் பார்க்கும்போது வீட்டில் சொன்ன அளவைப்போல இரண்டு மடங்கு இருப்பது சகஜம். கோல்டன் ரெட்ரீவர், லேப், ஜெர்மன் ஷெப்பர்ட், செயின்ட் பெர்னார்ட் போன்ற அடர்முடி நாய்களுக்கு இது அதிகம் வருவதும், மழையில் நனைந்து சரியாகக் காயாத நாளில் வருவதும் இதனால்தான்.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, டாக்டர் இல்ல. நாளைக்கு வரைக்கும் வீட்டுலயே என்ன செய்யலாம்?

முதலில் நாயின் வாய் அந்த இடத்துக்குப் போகாமல் தடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கோன் இருந்தால் மாட்டுங்கள். இல்லாவிட்டால் கெட்டியான பெரிய துண்டைச் சுருட்டிக் கழுத்தைச் சுற்றிக் கட்டலாம், ஓர் இரவுக்குத் தாங்கும். அது மூச்சை இறுக்காமல் இரண்டு விரல் நுழையும்படி இருக்கட்டும்.

அடுத்து சுத்தம் செய்வது. கொதிக்கவைத்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போட்டுக் கலக்கி, சுத்தமான துணியை அதில் நனைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள். குளோர்ஹெக்ஸிடின் கரைசல் கையில் இருந்தால் அது இன்னும் நல்லது: 2 சதவீதக் கரைசல் 5 மி.லி. எடுத்து 200 மி.லி. தண்ணீரில் கலந்தால் புண்ணுக்கு ஏற்ற பதம். பாட்டிலின் மேல் குளோர்ஹெக்ஸிடின் மட்டும்தான் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், செட்ரிமைட் சேர்ந்த கிருமிநாசினி வேண்டாம். ஒற்றி முடித்ததும் ஈரத்தை எடுத்துவிட்டு மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். கட்டுப் போடாதீர்கள், புண்ணுக்கு வேண்டியது காற்று.

நமக்கு இருக்கும் மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் குடலைப் புண்ணாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலிக்கிறதே என்று பாவப்பட்டு ஒன்று கொடுத்துவிட்டு ரத்த வாந்தியோடு வந்தவர்கள் உண்டு.

மஞ்சளைத் தேங்காய் எண்ணெய்ல குழைச்சுப் போட்டேன். அது தப்பா?

இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. மஞ்சளைக் குறை சொல்லவில்லை, பிரச்சினை எண்ணெய். காய வேண்டிய புண்ணின் மேல் எண்ணெய் ஒரு மூடி போட்டுவிடுகிறது, முடியோடு சேர்ந்து களியாகிவிடுகிறது, அதற்கடியில் ஈரம் அப்படியே நிற்கிறது. போதாக்குறைக்கு நாய்க்குத் தேங்காய் எண்ணெய் பிடிக்கும், இன்னும் ஆசையாக நக்கும். வேப்பெண்ணெய்க்கும், பிசுக்குள்ள எந்தக் களிம்புக்கும் இதே பதில். துத்தநாகம் கலந்த குழந்தைக் களிம்பை நக்கினால் விஷம், டீ ட்ரீ ஆயிலும் அப்படித்தான். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்ஸைடு மூன்றும் பச்சைத் தோலை எரித்து, ஆறுவதைத் தள்ளிப்போடும்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை, டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மஞ்சள் நிறத்தைப் பார்த்ததும் எங்களுக்கே தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

முடியை வழிச்சே ஆகணுமா? பார்க்க அசிங்கமா இருக்குமே.

ஆகணும். சிவப்பு முடிந்து நல்ல தோல் தெரியும் இடத்தையும் தாண்டி ஒரு விரல் அகலம் சேர்த்து வழிப்போம். அப்போதுதான் புண்ணின் உண்மையான எல்லை தெரியும், காற்றுப் படும், மருந்து முடியில் தங்காமல் தோலில் இறங்கும். வீட்டில் கத்தரிக்கோலால் முயற்சி செய்யாதீர்கள். வலியில் நாய் துள்ளும், ஒட்டிய முடியோடு தோலும் கத்தரிக்குள் வந்துவிடும், தையல் போட நேர்ந்திருக்கிறது. கிளினிக்கில் மெஷின் வைத்து வழிப்போம், ரொம்ப வலித்தால் லேசாக மயக்க ஊசி போட்டுக்கொண்டு செய்வோம். முடி திரும்ப வளர்ந்துவிடும்.

டாக்டர் ஸ்டீராய்டு எழுதியிருக்காரு, பயமா இருக்கு. ஆன்டிபயாடிக் எழுதவே இல்லையே?

மேலே சொன்ன அந்தச் சுற்றை நினைத்துப் பாருங்கள். அதை ஓட்டுவது அரிப்பு. அரிப்பு நின்றால் கடிப்பது நிற்கும், கடிப்பது நின்றால் மேலோட்டமான புண் தானே காயும். அதற்காகத்தான் ஐந்து முதல் ஏழு நாளுக்கு ப்ரெட்னிசொலோன் மாதிரி ஒன்று. அந்த நாட்களில் நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறைய மூத்திரம் போகும், எப்போதும் பசி என்று சுற்றும், மாத்திரை முடிந்ததும் சரியாகிவிடும். சர்க்கரை நோய் இருந்தாலோ வலி மாத்திரை ஏதாவது போய்க்கொண்டிருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள், வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேரக் கூடாது.

பாக்டீரியா தோலின் மேல்பரப்பில் மட்டும் இருக்கும்போது குளோர்ஹெக்ஸிடின் கழுவலே போதும், வாய்வழி ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தேவைப்படாது. எழுதாத டாக்டரை நான் கூடுதலாகவே நம்புவேன். அது தேவைப்படும் நிலை வேறு, கன்னத்துப் புண் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

கோன் மாட்டினா ஒரே அழுகை, சுவத்துல முட்டிக்கிட்டே இருக்கு. கழட்டிடலாமா?

சாப்பிடும்போது நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் கழற்றலாம். மற்றபடி கூடாது, முக்கியமாக இரவில். நாலு நாள் ஆறிக் காய்ந்த புண்ணை இருபது நிமிட நக்கலில் முதல் நாள் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். கோனின் விளிம்பு மூக்கைத் தாண்டி நாலு விரலாவது நீண்டிருக்கிறதா என்று பாருங்கள், குட்டையான கோன் போட்டால் நாய் அதற்குள்ளிருந்தே எட்டிக் கடிக்கும்.

புண் அழகா ஆறிடுச்சு. ஆனா அஞ்சே வாரத்துல வால்கிட்ட அதே இடத்துல மறுபடியும். ஏன்?

புண்ணுக்கு வைத்தியம் பார்த்தாயிற்று, அரிப்புக்குப் பார்க்கவில்லை. ஹாட் ஸ்பாட் என்பது முடிவு, அதற்குப் பின்னால் ஓர் ஆரம்பம் இருக்கும். நம் ஊரில் அது முதுகின் பின்பாதியில், வால் முளைக்கும் இடத்தைச் சுற்றியோ பின்தொடையிலோ வந்தால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை. எங்களிடம் வந்த ஒரு நாயின் கதையைச் சொல்கிறேன், பெயரை மட்டும் ஜிம்மி என்று மாற்றிவிட்டேன். 30 கிலோ கோல்டன், நாலு வயது, வேளச்சேரிப் பக்கம் மூன்றாவது மாடி வீடு. நவம்பர் மழையில் வாலடியில் முதல் புண். வழித்து, ஏழு நாள் மருந்தில் ஆறியது. டிசம்பர் கடைசியில் அதற்கு இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று. அதுவும் ஆறியது. பிப்ரவரியில் மூன்றாவது வந்தபோது வீட்டு அம்மா அழாத குறை. கோழிக்கறியை நிறுத்தி, ஷாம்பு மாற்றி, தீவனமும் மாற்றிப் பார்த்துவிட்டார்கள்.

தெள்ளு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டோம், ஒவ்வொரு முறையும் "சான்ஸே இல்ல சார், வாரா வாரம் குளிப்பாட்டறோம்" என்றே பதில் வந்தது. எங்கள் பக்கமும் தப்பு உண்டு, முதல் இரண்டு முறை அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு சீப்பை எடுக்காமல் விட்டோம். மூன்றாவது முறை டாக்டர் மெல்லிய சீப்பால் வாலடியை வாரினார். தெள்ளு ஒன்றுகூட வரவில்லை. மிளகுத்தூள் மாதிரி நாலைந்து கறுப்புத் துகள்கள் மட்டும் வந்தன. அதுவே போதுமானதாக இருந்தது.

எங்க நாய் மேல ஒரு தெள்ளுகூட இல்ல, தினமும் பார்க்கிறேன். அப்புறம் எப்படி தெள்ளு அலர்ஜின்னு சொல்றீங்க?

ஒவ்வாமை தெள்ளின் எச்சிலுக்கு. தெள்ளு கடித்து ரத்தம் உறிஞ்சும்போது தோலுக்குள் விடும் எச்சிலில் உள்ள புரதங்களை இந்த நாயின் உடல் எதிரியாக நினைத்துக்கொள்கிறது. ஒவ்வாமை இல்லாத நாய் மேல் ஐம்பது தெள்ளு ஓடினாலும் அவ்வப்போது சொறிந்துகொண்டு பேசாமல் இருக்கும். ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாள்கணக்கில் அரிக்கும். அரிப்பு தாங்காமல் நாள் முழுக்கக் கடித்தும் நக்கியும் தன் மேல் இருக்கும் கொஞ்சநஞ்சத் தெள்ளையும் அதுவே விழுங்கிவிடுகிறது. அதனால் தெள்ளுக்கு மோசமாக அவதிப்படும் நாய் மேல்தான் தெள்ளைக் காண்பது கஷ்டம். கேட்க வேடிக்கையாக இருக்கும், எங்களுக்கு இது தினசரி.

விழுங்கிய தெள்ளு இன்னொரு தடயத்தை விட்டுப்போகும். நாடாப்புழுவின் ஒரு வகை தெள்ளு வழியாகத்தான் நாய்க்குள் போகிறது. மலத்திலோ ஆசனவாயைச் சுற்றியோ காய்ந்த அரிசி மாதிரியோ வெள்ளரி விதை மாதிரியோ ஏதாவது ஒட்டியிருந்தால் அந்த நாய் தெள்ளைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். ஜிம்மி வீட்டில் விசாரித்தபோது, ஆமாம், மாதக்கணக்காக அப்படி வருகிறது, அது சோறு என்று நினைத்தோம் என்றார்கள்.

கறுப்புத் தூள் தெள்ளோட எச்சமா, வெறும் மண்ணான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பேன் சீப்பு மாதிரி நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாலடி, பின்தொடை, அடிவயிறு மூன்றையும் தோலோடு ஒட்டி வாருங்கள். வந்ததை வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் தட்டி இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். மண் என்றால் மண்ணாகவே இருக்கும். தெள்ளு எச்சம் என்றால் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு வட்டம் ஊறிப் பரவும், ஏனென்றால் அது செரித்தும் செரிக்காததுமான ரத்தம். உங்கள் நாயின் ரத்தம்தான்.

கிளினிக்குக் கொண்டுவரும் முன் மரியாதைக்காக நாயைக் குளிப்பாட்டாதீர்கள். அழுக்காக வந்தால் நாங்கள் ஒன்றும் நினைக்கமாட்டோம், குளிப்பாட்டிவிட்டால் இருக்கிற தடயமும் சாக்கடைக்குப் போய்விடும். ஜிம்மியை ஒவ்வொரு முறையும் மணக்க மணக்கக் கொண்டுவந்தார்கள், மூன்று மாதம் வீணானதற்கு அதுவும் ஒரு காரணம்.

உண்ணிக்குத்தான் மாசாமாசம் ஊசி போடறோமே, தெள்ளும் அதுலயே போயிடாதா?

போகாது. உண்ணி வேறு, தெள்ளு வேறு. உண்ணி எட்டுக் கால், ஓரிடத்தில் கவ்விக்கொண்டு ரத்தம் குடித்துப் பட்டாணி போல ஊதும். தெள்ளு ஆறு கால், பக்கவாட்டில் தட்டையான பழுப்புப் பூச்சி, முடிக்குள் சரசரவென்று ஓடும், தாவும். உண்ணிக்கென்று பரவலாகப் போடப்படும் ஐவர்மெக்டின் ஊசி தெள்ளைக் கட்டுப்படுத்தாது, அமிட்ராஸ் தண்ணீரில் குளிப்பாட்டுவதும் அப்படியே. ஜிம்மிக்கும் இந்த ஊசி தவறாமல் போய்க்கொண்டிருந்தது, அதனால்தான் அவர்கள் அத்தனை நிச்சயமாகப் பேசினார்கள்.

இரண்டுக்கும் சேர்த்து வேலை செய்பவை அஃபாக்ஸோலானர், சாரோலானர், ஃப்ளூராலானர் போன்ற மாத்திரைகள். முதல் இரண்டும் மாதம் ஒன்று, ஃப்ளூராலானர் சாப்பாட்டோடு கொடுத்தால் 12 வாரம் வரை. எடைக்கு ஏற்ற அளவைத்தான் வாங்க வேண்டும், பெரிய மாத்திரையை வாங்கி இரண்டு நாய்க்கு உடைத்துக் கொடுக்கும் சிக்கனம் வேண்டாம். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் இந்த வகை மாத்திரையே கூடாமல் போகலாம், டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கழுத்துப் பின்னால் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் உண்டு, ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது, அடிக்கடி குளிக்கும் நாய்க்கு அது சரிப்படாது.

மாத்திரை குடுத்து ரெண்டு வாரமாச்சு, இன்னும் தெள்ளு வருது. போலி மருந்தா?

பெரும்பாலும் இல்லை. நாய் மேல் இருப்பவை உங்கள் வீட்டுத் தெள்ளுக் கூட்டத்தில் சின்னப் பங்குதான், தோராயமாக இருபதில் ஒன்று. மிச்சமெல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகத் தரையில், சோபாவில், நாய் படுக்கும் சாக்கில் இருக்கின்றன. ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40 முட்டைவரை போடும். அந்த முட்டை முடியில் ஒட்டாது, நாய் நடக்க நடக்க உப்புத் தூவின மாதிரி வீடெங்கும் உதிரும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து கட்டிலடிக்கும் மிதியடிக்கு அடிக்கும் போய், உதிர்ந்த கறுப்பு எச்சத்தைத் தின்று வளரும். பிறகு கூடு கட்டிக்கொள்ளும். இந்தக் கூடுதான் பெரிய தலைவலி. பூச்சி மருந்து அதற்குள் இறங்காது, உள்ளே இருப்பது மாதக்கணக்கில் காத்திருக்கும். நாயின் சூடும் மூச்சும் நடையின் அதிர்வும் கிட்டே வந்தால் நொடியில் வெளிவந்து தாவும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துப் பூட்டிய வீட்டைத் திறந்தவுடன் காலெல்லாம் கடிபடுவது இதனால்தான்.

ஆகவே நீங்கள் பார்ப்பவை பழைய கூடுகளிலிருந்து வரும் புதிய தெள்ளுகள். மாத்திரை வேலை செய்கிறதென்றால் அவை நாய் மேல் ஏறிக் கடித்து ஒரு நாளுக்குள் சாகும், முட்டை போட நேரம் இருக்காது. கையிருப்பு தீர வேண்டும், நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் அதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடி விழத்தான் செய்யும், முதல் மாதத்தில் அரிப்பு முழுதாக நிற்காவிட்டால் மருந்தை மாற்றிக்கொண்டே போகாதீர்கள்.

அப்ப வீட்டுல என்ன பண்றது? ஃபினாயில் ஊத்தித் துடைச்சா போதுமா?

ஃபினாயில் தெள்ளுக்கு ஒன்றும் செய்யாது, நாயின் பாதத்தையும் வயிற்றையும் பொத்துப்போகச் செய்யும். மண்ணெண்ணெயும் வேண்டாம். நாயின் படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள், தெள்ளுப்புழு வெயிலையும் வறட்சியையும் தாங்காது. கட்டிலடி, சோபா இடுக்கு, சுவரோரம் இவற்றைத் தினமும் பெருக்குங்கள், வேக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது, அதன் அதிர்வுக்கே கூடுகள் திறக்கும். பெருக்கிய குப்பையை வீட்டு மூலையில் வைக்காமல் உடனே வெளியே கொண்டுபோங்கள்.

கூட்டம் அதிகம் என்றால் பைரிப்ராக்ஸிஃபென் போன்ற, புழுவை வளரவிடாமல் தடுக்கும் மருந்து கலந்த தெளிப்பான் உதவும். அது கூட்டுப்புழுவைக் கொல்லாது, புதிதாக வரும் முட்டையையும் புழுவையும் நிறுத்தும்.

பூண்டு கொடுத்தால் தெள்ளு ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். வெங்காயம், பூண்டு இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்.

வீட்டுப் பூனைக்கு ஒண்ணும் இல்ல, சொறியறதே இல்ல. அதுக்கும் மருந்து வேணுமா? நாய் மருந்தையே போடலாமா?

முதல் கேள்விக்கு: கண்டிப்பாக வேணும். நாய் மேல் இருப்பது பெரும்பாலும் பூனைத் தெள்ளு எனப்படும் இனம்தான், பெயர்தான் பூனை, நாய்க்கும் அதுவே ஏறும். ஒவ்வாமை இல்லாத விலங்கு சொறியாமல் கொள்ளாமல் வீட்டுக்குத் தெள்ளு உற்பத்தி செய்துகொடுக்கும். ஜிம்மி வீட்டில் பூனையே கிடையாது, அதனால் எங்களுக்கும் முதலில் பிடிபடவில்லை. அப்புறம் தெரிந்தது, கீழ்த்தளத்தில் வாட்ச்மேன் சோறு வைக்கும் இரண்டு பூனைகள் இரவில் மூன்றாவது மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில், ஜிம்மி வீட்டு மிதியடி மேலேயே படுத்துத் தூங்குகின்றன. காலையில் அதே மிதியடி மேல் ஜிம்மி உட்கார்ந்து பால்காரருக்குக் காத்திருக்கும். அந்த மிதியடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு பூனைகளுக்கும் பூனைக்கான சொட்டு மருந்தை வாங்கிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது கேள்விக்கு: கூடவே கூடாது. நாய்க்கான சில சொட்டு மருந்துகளிலும் வீட்டுத் தெளிப்பான்களிலும் பெர்மெத்ரின் இருக்கும். பூனையால் அதைச் செரித்து வெளியேற்ற முடியாது, நடுக்கம் எடுத்து வலிப்பு வந்து செத்துப்போகும்.

எங்க நாய்க்கு கன்னத்துல, காதுக்குக் கீழ வந்திருக்கு. இதுவும் தெள்ளுதானா?

இடம் முக்கியம். கன்னத்திலும் காதடியிலும் வந்தால் முதலில் காதுக்குள் பார்க்க வேண்டும், காதில் சீழோ பூஞ்சையோ இருந்து நாய் அங்கே சொறிந்ததில் வந்திருக்கலாம். வாலுக்கு நேர் கீழே என்றால் ஆசனவாய்ப் பைகள் அடைத்திருக்கலாம், நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து இழுக்கும். வயதான நாய் இடுப்பு மூட்டின் மேலேயே நக்கினால் மூட்டு வலியாக இருக்கலாம். பாதம், அக்குள், முகம் என்று எங்கும் அரித்தால் வேறு ஒவ்வாமையைத் தேட வேண்டும்.

கோல்டன், செயின்ட் பெர்னார்ட் இரண்டிலும் கன்னத்துப் புண்ணை நான் கொஞ்சம் பயத்தோடுதான் பார்ப்பேன். புண்ணைச் சுற்றி நல்ல தோலில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெளித்த மாதிரி இருந்தால், தடவிப் பார்க்கும்போது தோல் தடித்துக் கெட்டியாக இருந்தால், தொற்று முடிக்காலுக்குள் இறங்கிவிட்டது. அப்போது வாய்வழி ஆன்டிபயாடிக் மூன்று நாலு வாரம் வேண்டும், வெறும் ஸ்டீராய்டு அதை மோசமாக்கும். காய்ச்சல், சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, அழுகல் நாற்றம், புண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ நெளிவது இதில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். நெளிவது ஈப்புழு, நம் வெயிலில் ஒரே நாளில் வைத்துவிடும்.

எங்களுது நாட்டு நாய், குட்டை முடி. புண்ணெல்லாம் வரல, ஆனா வால்கிட்ட முடி கொட்டித் தோல் கறுத்துப்போச்சு. இதுவும் அதுதானா?

இருக்கலாம். முடி அடர்த்தி இல்லாததால் ஈரம் தங்காது, அதனால் ஹாட் ஸ்பாட் குறைவு. ஆனால் அரிப்பு அதேதான். மாதக்கணக்கில் கடித்துக் கடித்து வாலடியில் தொடங்கி முதுகின் பின்பாதிவரை முக்கோணமாக முடி உதிர்ந்து, தோல் யானைத்தோல் மாதிரி தடித்துக் கறுத்துவிடும். முன்பாதி பளபளவென்று இருக்கும். சொறி, பூஞ்சை இரண்டையும் தோலைச் சுரண்டிப் பார்த்து விலக்கிவிட்டு, தெள்ளுக்கான வழியில் போக வேண்டியதுதான்.

இதை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லையா?

ஒவ்வாமைப் பரிசோதனைகள் உண்டு, ஆனால் அவை தெளிவில்லாத முடிவும் தரும், தப்பான முடிவும் தரும். காசு செலவழிக்க வேண்டுமென்றால் அதை மாத்திரையில் செலவழியுங்கள் என்பார் எங்கள் டாக்டர். வீட்டில் உள்ள எல்லா விலங்குக்கும் ஒரு நாள்கூடத் தள்ளாமல் மூன்று மாதம் தெள்ளு மருந்து கொடுத்துப் பார்ப்பதே நல்ல சோதனை. அரிப்பு அடங்கினால் பதில் கிடைத்துவிட்டது. அடங்கவில்லை, சீப்பிலும் ஒன்றும் இல்லை என்றால் அப்போது உணவு ஒவ்வாமை, சூழல் ஒவ்வாமை என்று அடுத்ததற்குப் போகலாம். தெள்ளைச் சரியாக விலக்காமல் உணவை மாற்றினால் எதனால் குணமானது, எதனால் ஆகவில்லை என்று யாருக்கும் புரியாது, ஜிம்மி வீட்டில் நடந்தது அதுதான்.

அரிப்புக்கு மாதம் ஒரு நீண்டகால ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டால் என்ன என்றும் கேட்கிறார்கள். ஏழு நாள் மாத்திரைக்கும் அதற்கும் நிறைய வித்தியாசம். மாதாமாதம் போட்டால் தோல் மெலிந்து, தசை கரைந்து, சர்க்கரை நோய்கூட வரலாம், தெள்ளு மட்டும் அப்படியே இருக்கும்.

மூணு மாசம் ஆச்சு, சுத்தமா அரிப்பில்ல. இனிமே மாத்திரையை நிறுத்திடலாமா?

ஒவ்வாமை போகாது, கடி விழாமல் இருக்கிறது, அவ்வளவுதான். பனி விழும் நாடுகளில் குளிர்காலத்தில் கொஞ்சம் விட்டுப்பிடிக்கிறார்கள். சென்னையில் தெள்ளுக்கு லீவு கிடையாது, மே மாத வெயில் மொட்டை மாடியில்தான், கட்டிலடியில் இல்லை. ஒவ்வாமை உறுதியான நாய்க்கு வருடம் முழுக்கக் கொடுக்கத்தான் சொல்கிறோம். செலவு கட்டுப்படியாகாது என்றால் டாக்டரிடம் சொல்லி விலை குறைவான வேறு வகைக்கு மாறுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்று நீங்களாக இழுக்காதீர்கள்.

ஜிம்மிக்குப் பிப்ரவரியில் ஆரம்பித்து ஜூலைவரை ஒரு புண்ணும் இல்லை. ஆகஸ்டில் கல்யாண அலைச்சலில் மாத்திரையை மறந்துவிட்டார்கள், ஏழாவது வாரத்தில் அது திரும்பி உட்கார்ந்து வாலடியைக் கொறிக்க ஆரம்பித்தது. இந்த முறை அந்த அம்மா குளிப்பாட்டவில்லை. சீப்பால் வாரி, டிஷ்யூவில் தண்ணீர் விட்டு, செம்பழுப்பு வட்டத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டு, அன்றைக்கே மாத்திரை கொடுத்துக் கோனையும் மாட்டிவிட்டார். தோல் கிழியவில்லை, முடியை வழிக்க வேண்டிய வேலையே வரவில்லை.